தாழ்வு எங்கே இருக்கிறது

கா. அஃப்ரீனுக்கு எதையும் சுருக்கிச் சொல்வதில் நல்ல தேர்ச்சி உண்டு. இதை அவளே சொல்லமாட்டாள். சொல்வதற்கு இரண்டு வாக்கியம் ஆகும், ஒன்றில் முடிக்க வழியிருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய வாப்பா காஜா மைதீன் பழவேற்காட்டில் நண்டு வாங்கிப் பனிக்கட்டியில் அடுக்கிச் சென்னைக்கு அனுப்புகிறவர். அவருக்குப் பேச்சு நீளம். ஒரு கூடை நண்டு வர ஏன் தாமதம் என்று கேட்டால், முகத்துவாரம் மணல் மூடியதிலிருந்து ஆரம்பிப்பார். பத்து வயதிலேயே அஃப்ரீன் பக்கத்தில் நின்று, "மணல் மூடிச்சு, படகு சுத்தி வந்துச்சு, லேட்டு" என்று முடித்துவிடுவாள். வியாபாரிகளுக்கு அவளைப் பிடிக்கும். வாப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இந்தத் திறமையால் அவளுக்கு ஒரு சம்பந்தமும் போனது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் இரண்டு மணி நேரம் தன் குடும்பப் பெருமை பேசினார். அவர் போன பிறகு, பலகாரம் சுற்றிவந்த காகிதத்தின் பின்பக்கத்தில் அஃப்ரீன் மூன்று பெட்டி போட்டு அம்புக்குறியால் இணைத்திருந்தாள். முதல் பெட்டியில் "துபாயில் வேலை போயிற்று". இரண்டாவதில் "வீடு பாதியில் நிற்கிறது". மூன்றாவதில் "பெண் தேடுகிறார்கள்". அந்தக் காகிதம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுத்த தட்டோடு போய்விட்டது. அவள் உம்மா பரக்கத் பீவி ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. அந்த வாரம் வீடு அமைதியாக இருந்ததாக அஃப்ரீன் நினைவுகூர்வாள்.

புவியியல் படித்தாள், பி.எட். முடித்தாள். ஏரிக்கரையோரம் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியலுக்குத் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. தற்காலிகம் என்பதால் அவள் பெயர் எங்கும் இருக்காது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் இல்லை. அவளுக்குத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. கால அட்டவணையில் "ச.அ." என்று மட்டும் இருக்கும். ஆண்டு விழா அழைப்பிதழில் "மற்றும் ஆசிரியப் பெருமக்கள்" என்ற வரியில் அவள் அடக்கம். ஆறு வருடமாக "மற்றும்" என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை மறைத்தும் வைக்கவில்லை.

அதனால்தான் ஆகஸ்டு மாதத்தில் தலைமையாசிரியர் வீரராகவன் கூப்பிட்டுச் சொன்ன செய்தி அவளுக்கு இனித்தது. வட்டாரத்தில் மெல்லக் கற்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பாடம். பாடத்தைக் காரணம், விளைவு என்று சங்கிலியாகச் சுருக்கி ஒரே பக்கத்தில் கொடுக்க வேண்டும்.

"நமக்குப் பருவமழை வந்திருக்குதும்மா. ஒரு பக்கம்தான். எழுத்து பதினாலு பாயின்ட்டுக்குக் கீழ போகக்கூடாது. மொதல்ல நம்ம பசங்ககிட்ட குடுத்து டெஸ்ட் வெச்சுப் பாக்கணும். பதிமூணு பேர்ல ஒம்பது பேராவது பாஸ் பண்ணா பக்கம் போவும். கீழ தயாரிச்சவங்க பேரு போடுவாங்க."

"முழுப் பேரா சார்?"

"முழுப் பேருதான்."

அஃப்ரீன் அன்று மாலையே உட்கார்ந்தாள். பாடத்தில் பருவமழைக்கு ஒதுக்கிய பக்கங்கள் ஆறு. முதல் நாளே மூன்றாகிவிட்டது. தலைக்கு மேலே பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு அது வேண்டியதில்லை என்று அங்கேயே ஓடவிட்டுவிட்டாள். இரண்டாம் நாள் ஒன்பது பெட்டிகள் நின்றன.

கோடை வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அதனால் நிலத்தின் மேலுள்ள காற்றும் சூடாகி, விரிந்து, மேலே எழும்புகிறது. அதனால் நிலத்தில் தாழ்வழுத்தம் உண்டாகிறது. சூடு குறைவான கடலில் உயரழுத்தம் நிற்கிறது. அதனால் கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று புறப்படுகிறது. பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டைத் தாண்டிய காற்று வலப்பக்கம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வருகிறது. வரும் வழியில் கடலின் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறுகிறது. ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் நீராவி துளியாகிறது, மலையின் மேற்குப் பக்கம் மழை கொட்டுகிறது. ஈரத்தை இறக்கிவிட்ட காற்று கிழக்கே இறங்குவதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த மழை இல்லை.

அதற்கப்புறம் வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்றரைப் பக்கம் இருந்தது. அஃப்ரீன் அதை நான்கு சொல்லில் முடித்தாள்: "அக்டோபரில் இவை அனைத்தும் தலைகீழாகும்." எழுதி முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். கீழே பெயருக்கு ஒரு வரி இடம் இருந்தது. பெயரையும் எழுதிப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

அவளுடைய பதிமூன்று பேரில் பத்துப் பேர் கடலோரக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள், மூன்று பேர் பழவேற்காடு ஊருக்குள்ளிருந்து. ஒரு வாரம் சங்கிலியைச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அந்த வகுப்பு மெல்லக் கற்கும் வகுப்பே அல்ல.

தேர்வு ஒரே கேள்வி: தென்மேற்குப் பருவமழை உருவாகும் விதத்தைக் காரண விளைவுச் சங்கிலியாக எழுதுக. விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினாள். ஊர்ப்பிள்ளைகள் மூவரும் பாஸ். குப்பத்துப் பிள்ளைகள் பத்துப் பேரும் ஃபெயில். பத்துப் பேரும் ஒரே இடத்தில் தவறியிருந்தார்கள். மூன்றாவது பெட்டியில், "நிலத்தில் தாழ்வழுத்தம்" என்று வரவேண்டிய இடத்தில், பத்துத் தாள்களிலும் "கடலில் தாழ்வு" என்றிருந்தது.

பார்த்து எழுதினார்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் பார்த்து எழுதுகிறவர்கள் எழுத்துப் பிழையையும் சேர்த்துப் பார்த்து எழுதுவார்கள். இங்கே ஒவ்வொரு தாளிலும் பிழை வேறு. அதைவிட எரிச்சலூட்டியது, மூன்றாவது பெட்டிக்குப் பிறகு அவர்கள் ஒழுங்காக யோசித்திருந்ததுதான். கடலில் தாழ்வு, அதனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் என்று தமிழ்வாணன் என்கிற பையன் எழுதியிருந்தான். அதனால் போட்டைக் கரையில் ஏற்ற வேண்டும் என்று அடுத்த பெட்டி. நந்தினி என்ற பெண் இன்னும் ஒரு படி போயிருந்தாள். அவளுடைய சங்கிலி இப்படி முடிந்தது: "அதனால் மழை. அதனால் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கிறார்."

காரணமும் சரி, விளைவும் சரி, விடை மட்டும் தப்பு. அஃப்ரீன் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்பது பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர். அச்சில் வரவேண்டிய பெயர் போகப்போகிறது என்பது அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

"இன்னாடி, மொகம் ஒரு மாதிரி கீது?" என்றாள் பரக்கத் பீவி.

"தாழ்வு கடல்லன்னு எழுதி வெச்சிருக்குதுங்க உம்மா."

"கடல்லதான இருக்கும்? பின்ன ஊட்லயா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு உம்மா அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் வகுப்பில் நந்தினியை எழுப்பினாள். "தாழ்வழுத்தம் நிலத்துலன்னு நான் எத்தன வாட்டி சொன்னேன்?"

"நெறைய வாட்டி மிஸ்."

"பின்ன ஏன் கடல்ல போட்ட?"

நந்தினி பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். தயக்கம் போலத் தெரியவில்லை. இவ்வளவு தெரிந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்ற சங்கடம் போல இருந்தது. "நீங்க தப்பா சொல்றீங்கன்னு நெனச்சோம் மிஸ். போர்டுல எழுதறப்ப மாத்தி எழுதிட்டீங்கன்னு."

"பத்துப் பேருமா?"

"பேசி வெச்சுக்கல மிஸ். தாழ்வுன்னா கடல்லதான மிஸ்?" இது தமிழ்வாணன். "வங்கக் கடல்ல காத்தழுத்தத் தாழ்வுன்னுதான டிவில சொல்வாங்க. குப்பத்துல மைக்குல சொல்வாங்க. எங்க நைனாவுக்கு ஃபோன்ல மெசேஜ் வரும், யாரும் கடலுக்குப் போவாதீங்கன்னு. நிலத்துல தாழ்வுன்னு யாரும் எப்பவும் சொன்னது கெடையாது மிஸ்."

"அது வேற தாழ்வு."

"தாழ்வு எத்தினி இருக்குது மிஸ்?"

அஃப்ரீன் பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் நண்டு அவள் வீட்டுக்குக் கூடையில் வரும், தாழ்வு எச்சரிக்கை பக்கத்து வீட்டு டிவியில் வரும். கடலுக்குப் போகக்கூடாது என்ற அறிவிப்பால் அவள் வீட்டில் ஒருநாளும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை. இந்தப் பத்துப் பேருக்கும் "தாழ்வு" பாடப்புத்தகச் சொல் அல்ல. வீட்டில் சோறு இருக்குமா என்பதைச் சொல்லும் சொல்.

"சரி, மழை எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"ஐப்பசி, கார்த்திக மிஸ்."

"ஜூன்ல?"

"ஜூன்ல ஏது மிஸ் மழ? மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு போட்டு எறங்கும். மேக்கத்திக் காத்து அனலா அடிக்கும். என்னைக்காச்சும் சாயங்காலம் ஒரு மழ இடி இடிச்சிட்டுப் போவும், அவ்ளோதான்."

அவளுடைய ஒன்பதாவது பெட்டியைத்தான் தமிழ்வாணன் சொல்லிக்கொண்டிருந்தான். மலைக்கு மேற்கே ஈரத்தை இறக்கிவிட்டு வரும் வறண்ட காற்று. அது அவன் உடம்புக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. அஃப்ரீன் எட்டுப் பெட்டி கட்டி மழையைக் கேரளாவில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, இந்தப் பிள்ளைகளின் மழையை நான்கு சொல்லில் தள்ளிவிட்டிருந்தாள். அக்டோபரில் நிலம்தான் சீக்கிரம் குளிர்கிறது. அப்போது உயரழுத்தம் நிலத்தில், தாழ்வு கடலில். அவர்கள் எழுதியது தப்பே அல்ல. மாதம்தான் தப்பு.

சுருக்குகிறேன் என்று அறுத்தது எங்கே என்று அவளுக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆசிரியை என்பதால் அதை வகுப்பில் காட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்கு வேற மாதிரி சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடப்பக்கம் "ஜூன்", வலப்பக்கம் "அக்டோபர்". நடுப்பகல் இடைவேளையில் வகுப்பை வெளியே கூட்டிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நிற்கச் சொன்னாள். ஐந்து நொடியில் எல்லாரும் குதித்தார்கள். ஏரித் தண்ணீரில் கால் வைக்கச் சொன்னாள். ஒருவரும் குதிக்கவில்லை.

"ரெண்டு மேலயும் ஒரே வெயில்தான். எது சீக்கிரம் சூடாச்சு?"

"மணலு மிஸ்."

"விடியக்காலைல வந்து நின்னா எது சில்லுன்னு இருக்கும்?"

"அதுவும் மணலுதான் மிஸ். தண்ணி வெதுவெதுன்னு இருக்கும்."

"நிலம் சீக்கிரம் சூடாவும், சீக்கிரம் ஆறும். கடலு ரெண்டுலயும் நிதானம். எது சூடா இருக்குதோ அது மேல இருக்கற காத்து எழும்பிப் போவும். அங்க தாழ்வு. ஜூன்ல எது சூடு?"

"நிலம்," என்றான் தமிழ்வாணன். பிறகு கொஞ்ச நேரம் காலை மணலில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். "அப்ப ஜூன்ல தாழ்வு நிலத்துல. அதுக்கு மைக்குல சொல்லமாட்டாங்க, ஏன்னா அது வடக்க எங்கியோ ஊரு மேல கீது. நமக்கு போட்டு கவுராது."

"ஆமா."

"இத மொதல்லயே சொல்லி இருக்கலாம்ல மிஸ்," என்றாள் நந்தினி.

வலப்பக்கத்துக்கு ஐந்து பெட்டி போதுமானதாக இருந்தது. நிலம் சீக்கிரம் குளிர்கிறது. அதனால் நிலத்தில் உயரழுத்தம், கடலில் தாழ்வு. அதனால் காற்று வடகிழக்கே உள்ள நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளுகிறது. அதனால் தமிழ்நாட்டுக் கரையில் மழை. நந்தினியின் கலெக்டருக்கு மட்டும் இடமில்லை என்று சொல்லவேண்டியிருந்தது. இரண்டு சங்கிலிகளுக்கும் மேலே, பெட்டிக்கு வெளியே, ஒரு வரி எழுதினாள்: "தாழ்வு எங்கே இருக்கிறது என்று முதலில் கேள். காற்று அங்கேதான் போகும்."

மறுதேர்வில் பதினோரு பேர் பாஸ். வீரராகவன் விடைத்தாள்களை எண்ணிப் பார்த்தார், இரண்டாம் முறையும் எண்ணிப் பார்த்தார். "பக்கத்தக் கொண்டுபோய் டைப் பண்ணிக் குடுத்துடும்மா. பேரு போடச் சொல்லு," என்றார். அன்று அஃப்ரீன் பள்ளியிலிருந்து வீடுவரை நடந்தே போனாள். சந்தோஷத்தில் பேருந்து வருவது தெரியவில்லை.

கையேட்டை அச்சுக்குத் தயார் செய்தது பொன்னேரியில் முத்துராஜ் என்பவரின் கணினிக் கடை. எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் அங்கே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். முத்துராஜ் அவள் பக்கத்தை அடித்து முடித்துத் திரையில் காட்டினார். ஒன்பது பெட்டி, ஐந்து பெட்டி, மேலே அந்த ஒரு வரி, கீழே "தயாரிப்பு: கா. அஃப்ரீன்". அந்தக் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தில் போய் விழுந்திருந்தது.

"ஒரு லைன் ஓவரா போவுது மிஸ்."

"எழுத்தச் சின்னதாக்க முடியாதா?"

"பதினாலுக்குக் கீழ போவக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஓரத்துல இடமும் இவ்ளோதான், ஆபீஸ்ல இருந்து பூட்டி அனுப்பி இருக்காங்க. எதனா ஒண்ணு எடுக்கணும்."

சுருக்குவது அவள் தொழில் அல்லவா, உட்கார்ந்தாள். முத்துராஜ் பெட்டி பெட்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"காத்து மேல எழும்புதுன்றத எடுத்துடலாமா?"

"அப்ப தாழ்வு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

"பூமி சுத்தறது?"

"சுத்தலன்னா காத்து நேரா தெக்க இருந்து வரணும். தென்மேற்குன்னு ஏன் பேரு?"

"இந்த மலை?"

"மலை இல்லன்னா மேற்கால கொட்டற மழை நமக்கு ஏன் இல்லன்னு பதில் இல்ல."

"ஈரத்த அள்ளுதுன்னு இடது பக்கமும் வருது, வலது பக்கமும் வருது. ஒண்ணு போதும்ல?"

"வடகிழக்குல இருந்து வர்றது நிலத்துக் காத்து, காஞ்ச காத்து. கடலத் தாண்டினாதான் அதுக்கு ஈரம். அத எடுத்தா மழையே கெடையாது."

முத்துராஜ் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பள்ளிகள் காத்திருந்தன. "அப்ப மேல இருக்கற இந்த லைனு மிஸ். தாழ்வு எங்கன்னு கேளுன்னு. இது பெட்டியில கூட இல்ல. இத எடுத்தா சங்கிலி அறுவாது. பேரு கச்சிதமா உக்காந்துடும்."

அவர் சொன்னது உண்மை. அந்த வரி இல்லாமலும் பதினான்கு பெட்டிகளும் சரியாகவே நிற்கும். தேர்வு வைக்கிறவர்களுக்கு அந்த வரி தேவையில்லை. ஊருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் தேவையில்லை. அஃப்ரீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி இல்லாத பக்கத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறாள். பத்துத் தாள்களில் தன் கையாலேயே பூஜ்யம் போட்டிருக்கிறாள். இந்த வட்டாரத்தில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை குப்பங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை பேர் இந்தப் பக்கத்தைப் பிரித்து, மிஸ் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு கடலில் தாழ்வு என்று எழுதுவார்கள்.

அந்தப் பக்கத்தில் எதற்கும் காரணமாகவும் இல்லாமல் விளைவாகவும் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு வரிதான்.

"கீழ இருக்கறத எடுத்துடுங்க," என்றாள்.

"எது மிஸ், பேரா?"

"ம்."

"எல்லாரும் பேருல புள்ளி சரியா வெச்சியான்னு ஃபோன் மேல ஃபோன் போடறாங்க," என்றார் முத்துராஜ். பிறகு அந்த வரியை அழித்தார். பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது. அஃப்ரீனுக்கு வலித்தது. சின்ன விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், சின்னதாகவில்லை. கடையை விட்டு இறங்கி, டீ வாங்கி, பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டினாள்.

கையேடு அக்டோபர் கடைசியில் வந்தது. அதே வாரம் வங்கக் கடலில் தாழ்வும் வந்தது. நான்கு நாள் பள்ளி இல்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, பொன்னேரியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு அஃப்ரீன் பழவேற்காட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தாள். முன்னிருக்கையில், சிறப்பு வகுப்பு முடிந்து, வேறு பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் கையேட்டை விரித்து வைத்து அடுத்தவளுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல இத கேளுடி. தாழ்வு எங்க கீது? ஜூன்ல நிலத்துல. இப்ப நம்ம கடல்ல. அவ்ளோதான், மீதியெல்லாம் தானா வரும்."

"எங்க மிஸ் சொன்னப்ப ஒண்ணும் வெளங்கல. இத யாரு எழுதனதுடி?"

முதல் பெண் பக்கத்தின் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், அடுத்த பக்கத்தையும் புரட்டினாள். "மத்ததுல எல்லாம் பேரு போட்டுகினு கீறாங்க. இதுல இல்ல."

"நம்ம கரைகாரங்களாத்தான் இருக்கும். ஊருக்குள்ள இருக்கறவங்களுக்குத் தாழ்வுன்னா இன்னான்னு தெரியாது."

அஃப்ரீன் முன்னால் குனிந்தாள். தோளைத் தொட்டு, நான்தான் எழுதினேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, மறுபடி இருக்கையில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பெண்கள் குப்பத்துக்குப் பிரியும் சாலையில் இறங்கிக்கொண்டார்கள். கண்டக்டர் அப்போதுதான் அவள் இருக்கைக்கு வந்து, பழவேற்காட்டுக்கு எத்தனை டிக்கெட் என்று கேட்டார். அவள் ஒன்று என்றாள்.